புதுப்பிப்பு: கழுவியும் நாறிய ஈரக்கழிவுத் தொட்டி

முன்பு கேட்டது: “சமையலறை ஈரக்கழிவுத் தொட்டியைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், மூடியைத் திறந்தால் பழைய இறால் வாடை அப்படியே வருகிறது. என்ன செய்வது?”

பிளீச்சிங் பவுடர் போதும் என்ற நண்பர் சொன்னது பாதிதான் சரி. எண்ணெய்ப்பசை படிந்திருக்கும்வரை அது அடியில் உள்ள கிருமிகளை எட்டவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயின் நாற்றத்தைப் பற்றி எழுதிய அம்மாவுக்கு நன்றி, ஆனால் என் சிக்கல் அதுவன்று.

மூடியின் விளிம்பு மடிப்பைப் பாருங்கள் என்றவரின் சொல்லே பலித்தது. பழைய பல் துலக்கியை அங்கே விட்டு இழுத்தபோது பழுப்பு நிறக் கொழகொழப்பு வந்தது. இத்தனை நாள் நான் கழுவியதெல்லாம் உட்புறத்தை மட்டுமே. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறையுடன் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசிய பிறகு, மீன் வாடைக்காக நீர் கலந்த வினிகரை இருபது நிமிடம் விட்டேன். (வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு எழும்.) பின்னர் ஒரு பகல் முழுவதும் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தேன்.

மூன்று வாரமாக வாடை இல்லை. மீன் வாங்கும் நாளில் மட்டும் மெல்லியதாகத் தெரிகிறது. கம்பி நாரால் நானே போட்ட கீறல்களில் அது தங்குகிறதா, பிளாஸ்டிக்கிலேயே ஊறிவிட்டதா என்பது இன்னும் விளங்கவில்லை.