சுருள் தடையைத் திருத்த எந்த வெப்பநிலையை எடுப்பது?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். கிளிநொச்சிப் பக்கம் 33 கேவி, 160 கேவிஏ ட்ரான்ஸ்போமர் ஒன்றின் உயர் அழுத்தச் சுருள் தடையை அளந்தோம். தொழிற்சாலை அறிக்கையில் 75 பாகையில் 94.0 ஓம் என்று இருக்கிறது. இரண்டு நாளாக லோட் இல்லாமல் வெயிலில் நின்றது, பின்னேரம் மூன்று மணிக்கு டாங்கியில் கை வைக்க முடியாத சூடு. வாசிப்பு அசையாமல் நிற்கும்வரை காத்திருந்துதான் குறித்தோம்: மூன்று முனைச் சோடிகளிலும் 82.4 ஓம். மேல் எண்ணெய் வெப்பமானி 48 காட்டியது. செப்புச் சுருள் என்பதால் இப்படித் திருத்தினேன்:

```
R75 = R × (235 + 75) / (235 + T)
```

90.3 ஓம் வந்தது, நாலு வீதம் குறைவு. சுருளில் பிழை என்றால் ஒரு கட்டமாவது விலகியிருக்க வேணுமே, மூன்றும் ஒன்றாக இறங்கினதால் வெப்பநிலையில்தான் சந்தேகம் வந்தது. அடுத்தநாள் விடிய ஆறு மணிக்கு, மேலும் கீழும் எண்ணெய் 28 பாகையில் நிற்க, திரும்ப அளந்தேன். 80.0 ஓம், திருத்தினால் 94.3. அப்போ பின்னேரம் சுருளின் சராசரி 36 அளவில்தான் இருந்திருக்கும், மேலே நின்ற சூட்டெண்ணெயைத்தான் வெப்பமானி காட்டியிருக்கு.

என் கேள்வி இதுதான்: காலை வாசிப்பை மட்டும் அறிக்கையில் போடலாமா? பகலில் அளந்தே ஆகவேண்டிய இடங்களில் மேல், கீழ் எண்ணெயின் சராசரியை எடுக்கிறீங்களா? கீழ் எண்ணெய்க்கு வெப்பமானி இல்லாத டாங்கியில் எந்த இடத்தில் தொட்டு அளப்பீங்கள்?