பொருள்: முதியோர் கைபேசி வகுப்புக்கான நிதியும் அந்த நீல நோட்டும்

அனுப்புநர்: செல்வராசு, தோகா

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நூலகத்தில் நடக்கும் முதியோர் கைபேசி வகுப்பை அடுத்த சுற்றும் நடத்துவதற்கு ரூ. 14,400 கேட்டு வந்த கடிதத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், போன வாரம் ஊரில் நான் கண்டதைச் சொல்லியாக வேண்டும். பால்காரருக்கு 420 ரூபாய் அனுப்புவதற்காக எங்கள் அம்மை கைபேசியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, ரகசிய எண் வகுப்பு நடத்தும் தம்பியிடம் இருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தால், அவன் ஒரு நீல நோட்டில் பதினொரு பேருடைய யு.பி.ஐ. ரகசிய எண்களைப் பெயரோடு எழுதி வைத்திருக்கிறான். அவன் நல்ல பிள்ளை, அதில் எனக்கு ஐயமில்லை. பெரியவர்கள் எண்ணை மறந்துவிட்டு மூன்று முறை தவறாக அழுத்துகிறார்கள், ஒரு நாள் முழுக்கப் பணம் அனுப்ப முடியாமல் போகிறது, பிறகு தன்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னான். ஆனால் அந்த நோட்டு நூலக மேசை மேல் திறந்து கிடந்தது.

அனுப்புநர்: சுடலைமுத்து, மஸ்கட்

தம்பி செல்வராசு எழுதியதைப் படித்தேன். நோட்டு இருக்கட்டும், முதலில் கணக்கு வேண்டும். 24 பேர், நான்கு பேராக ஆறு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் 12 வகுப்பு என்றால் 72 வகுப்பு. வகுப்புக்கு 200 ரூபாய் வீதம் 14,400 வருகிறது, கூட்டல் சரிதான். ஆனால் போன சுற்றிலும் இதே தொகை கொடுத்தோம், வருகைப் பதிவேடு இன்றுவரை எனக்கு வரவில்லை. கோயில் கொடை வரவு செலவில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. மேலும், படிக்க வருகிறவர்கள் ஆளுக்கு 100 ரூபாய் கட்டட்டும். அதில் 2,400 தேறும், சங்கத்தின் பங்கு 12,000 ஆகக் குறையும். காசு கட்டியவர்தான் நாள் தவறாமல் வருவார் என்பது என் அனுபவம்.

அனுப்புநர்: சண்முகவேல், மெல்பர்ன்

அண்ணாச்சி நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறார்கள். மேலூர்க்காரர்கள் தங்கள் பள்ளியில் கணினி அறையே கட்டித் திறந்துவிட்டார்கள், நாம் இன்னும் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நானும் என் தம்பியும் பத்து டேப்லெட் வாங்கித் தருகிறோம், சங்கத்தின் பெயரோடு ஒரு பலகை வையுங்கள். ரகசிய எண் பற்றிய கவலையும் தேவையில்லை. இப்போது UPI Lite இருக்கிறது, எண்ணே போடாமல் பணம் அனுப்பலாம். அந்த நூலகத்துக்கு ஓடு போட எங்கள் அய்யா மரம் கொடுத்ததை யாரும் எழுதி வைக்கவில்லை, இதையாவது எழுதி வைப்போம்.

அனுப்புநர்: தங்கம், சிங்கப்பூர்

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு சமூக மன்றத்தில் வார இறுதிகளில் முதியோருக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியராக இருப்பதால் எழுதுகிறேன். 2020-இல் சிங்கப்பூர் அரசு இதற்கென ஓர் அலுவலகம் தொடங்கி, உணவங்காடிகளுக்கும் சமூக மன்றங்களுக்கும் ஆட்களை அனுப்பியது. பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் கைபேசியிலேயே சொல்லித்தருவதுதான் அங்கே நான் கற்ற முறை. ஆகவே சண்முகவேல் அண்ணன் தரும் டேப்லெட்டுகள் இந்த வகுப்புக்கு உதவா. டேப்லெட்டில் பழகியவர் வீட்டுக்குப் போனதும் வேறு திரையைப் பார்த்துத் திகைப்பார்.

UPI Lite பற்றி அண்ணன் சொன்னது பாதி சரி. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை எண் கேட்காது. பால், காய்கறிக்கு அது போதும். ஆனால் அதில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, கையால் பணம் நிரப்பும்போது ரகசிய எண் வேண்டும். கைபேசி திறந்த நிலையில் பிறர் கையில் கிடைத்தால் அந்தப் பணத்தைக் கேட்பாரின்றிச் செலவழிக்கலாம்.

நோட்டு ஏன் பிறந்தது என்று யோசித்தால் வழி தெரியும். வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும், தொட்டது பதியாமல் போகும். அதனால் அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்திப் பிடித்தால் கைபேசி அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதோ பட்டியலைத் திறக்கும். உடனே சொல்லித்தருகிற பிள்ளை பொறுமை இழந்து கைபேசியை வாங்கித் தானே செய்துவிடும். அங்கேதான் ரகசிய எண்ணும் கை மாறுகிறது. முதல் வகுப்பிலேயே அமைப்புகளில் Accessibility பகுதிக்குப் போய் Touch & hold delay என்பதை Long என்று மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். எழுத்தையும் பெரிதாக்க வேண்டும், ஆனால் கடைசி அளவுக்குப் போகக் கூடாது. சில செயலிகளில் பணம் அனுப்பும் பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடும், பெரியவர் கைபேசி கெட்டுவிட்டது என்பார். இதற்குப் பிறகு ஆசிரியரின் விரல் மாணவரின் கைபேசியில் படக் கூடாது என்று உறுதியாக விதி வைக்கலாம்.

பாடம் ஒன்றே ஒன்று போதும். நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு UPI Lite வழியாக அல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்பட்டும். சுற்றி வரும் ஒவ்வொரு முறையும், அனுப்புகிறவரிடம் எண் கேட்கிறது, வாங்குகிறவரிடம் கேட்கவில்லை என்பதை அவர்களே வாய்விட்டுச் சொல்லட்டும். பணம் வருவதற்கு எண் போடுங்கள் என்று எவன் சொன்னாலும் அவன் திருடன் என்பது இப்படித்தான் கையில் ஏறும். ஆறாவது வகுப்பில் ஆசிரியர் ஒரு கியூஆர் கோடைக் காட்டி, உங்களுக்குப் பத்து ரூபாய் பரிசு, ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள் என்று சொல்லட்டும். மறுத்தவர் தேறிவிட்டார். போட்டவருக்கு மறுபடி ஒரு ரூபாய்ச் சுற்று. சுடலைமுத்து சித்தப்பா கேட்கும் பதிவேட்டில் வருகையைவிட இந்தத் தேர்வின் முடிவு எழுதப்பட்டால் பணம் எதற்குப் போனது என்பது தெரியும். நூறு ரூபாய்க் கட்டணத்தை மட்டும் ஏற்க மாட்டேன். கீழத்தெருவில் உதவித்தொகையில் வாழ்கிறவர்கள் வராமல் போவார்கள்.

அனுப்புநர்: ராணி, துபாய்

தங்கம் எழுதியது எல்லாம் இருக்கட்டும், எங்கள் அத்தைக்கு நடந்ததற்கு யார் பதில் சொல்வது? போன நவம்பரில் அந்த வகுப்பில்தான் முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்றிதழ் எடுத்தார்கள். பிரமான் எண் குறுஞ்செய்தியில் வந்தது, முடிந்தது என்று வந்துவிட்டார். இரண்டு மாதம் ஓய்வூதியம் வரவில்லை. ஓய்வூதியம் தரும் அலுவலகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், சான்றிதழ் நிராகரிக்கப்பட்டிருந்ததாம். முதலில் இதைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.

அனுப்புநர்: தங்கம், சிங்கப்பூர்

ராணி மதினி, அத்தை பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை செய்வதைப் பாடமாக வைத்தால் அடுத்த நவம்பருக்குள் மறந்துவிடும். அதைத் தம்பி சேவையாகவே செய்து கொடுக்கட்டும், ஒருவருக்கு இவ்வளவு என்று சங்கம் தனியே கொடுக்கலாம். பிரமான் எண் வந்தால் சான்றிதழ் உருவாகிவிட்டது என்று மட்டுமே பொருள். ஓய்வூதியம் தரும் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டதா என்பதைச் சில நாள் கழித்து அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வூதியப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்பினால் இந்தத் தவறு நேராது.

அனுப்புநர்: செல்வராசு, தோகா

தம்பியிடம் பேசினேன். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டான். எண் மாற்றும்போது திரும்பி உட்கார்ந்துகொண்டான் என்று அம்மை சொன்னாள். பதினொரு பேரில் ஏழு பேர் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கத்தையும் காலாவதித் தேதியையும் போட்டுப் புதிய எண் வைத்துவிட்டார்கள். மீதி நான்கு பேரிடம் கார்டு இல்லை. பழைய எண்ணும் நினைவில் இல்லை, அது நோட்டோடு போய்விட்டது. ஆதார் வழியாக மாற்றலாம் என்றால், அவர்கள் ஆதாரில் இருப்பது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பழைய கைபேசி எண்கள். இந்த மடற்குழுவில் இருக்கும் அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளும் எனக்குத் தனியே எழுதுங்கள். ஆதார் மையத்துக்கு அவர்களைக் கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன். கட்டணம் வேண்டுமா என்பதைச் சுடலைமுத்து அண்ணாச்சியும் தங்கமும் பேசி முடிக்கும் வரை, முதல் மாதத்துக்கான பணத்தை நான் கொடுக்கிறேன்.