சிங்குக்குக் கீழே கப்போர்ட் ஊதுகிறது, இரவில் வைத்த டிஷ்யூ மட்டும் காய்ந்தே இருக்கிறது

கொக்குவில் வாசி

எங்கள் குசினிக்குப் பான்ட்ரி கப்போர்ட் அடித்து நான்கு வருடம். போன மாதம் சிங்குக்குக் கீழுள்ள கதவைச் சாத்தும்போது அதன் கீழ்விளிம்பு அடித்தட்டில் உரசியது. பிணைச்சல் இறங்கிவிட்டது என்று நினைத்து திருகாணியை முறுக்கினேன். இரண்டு கிழமையில் மறுபடியும் உரசியது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இடது மூலையில் தட்டின் விளிம்பு ஒட்டு எழும்பி நின்றது. நகத்தால் அமத்தினால் தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் போல உள்ளே போனது. ஆனால் கைக்கு ஈரம் படவில்லை.

பைப் எல்லாம் வலது பக்கச் சுவரில்தான் இருக்கின்றன. இரவு படுக்கப் போகமுன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நான்கு பொருத்துகளில் டிஷ்யூவைச் சுற்றிக் கட்டினேன். காலையில் நான்கும் காய்ந்த மாதிரியே இருந்தன. இரண்டு இரவு அப்படிப் பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. இப்படி அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நல்லூரான்

எங்கள் வீட்டிலும் இதே கதை, அக்கா. சுவரிலிருந்து வரும் வால்வில் திரட் டேப் ஒழுங்காகச் சுற்றவில்லை. கழற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன், நின்றுவிட்டது. நீங்களும் எல்லாப் பொருத்தையும் கழற்றி டேப் சுற்றுங்கள், டப்புக்குப் போகும் ஹோஸையும் சேர்த்து. இல்லாவிட்டால் அது குழாய் வியர்ப்பதாகக்கூட இருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் குளிர்தானே.

கரவெட்டிப் பெடியன்

எனக்கும் கப்போர்ட் ஊறிப்போனது. ஆனால் அடுப்புக்கு மேலே உள்ளது. கார்த்திகை, மார்கழி மழையில் புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியே போகும் இடத்தால் தண்ணீர் இறங்கியது. மேல் கப்போர்ட்டின் பின்பலகையில் பழுப்பு நிறக் கோடு விழுந்திருந்தது. மேசன் வந்து சீமெந்து பூசினார், அடுத்த வருடம் அதே இடத்தால் மறுபடியும் வந்தது. உங்கள் புகைபோக்கியையும் ஒருக்கால் பாருங்கள்.

பைப்வேலை 22 வருடம்

கொக்குவில் தங்கச்சி, முதலில் ஒன்றையும் கழற்றாதேங்கோ. உங்கள் டிஷ்யூ பொய் சொல்லவில்லை. இரவில் ஒழுகவில்லை என்பதைத்தான் அது காட்டியிருக்கிறது. மேல்தாங்கியிலிருந்து வரும் லைனில் இரவு பகல் ஒரே மாதிரி அழுத்தம் இருக்கும். அது கசிந்தால் இரவிலும் கசியும், உங்கள் டிஷ்யூ நனைந்திருக்கும். ஆகவே அந்த லைனை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மிச்சம் இரண்டு இருக்கிறது. ஒன்று சிங்கின் கழிவுப் பக்கம். பாத்திரம் கழுவும்போது மட்டும் ஒழுகும், பெரும்பாலும் மணக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். மற்றது குடிதண்ணி ஃபில்டர். அது ஓடும்போது மட்டும் ஒழுகும். உங்கள் வீட்டில் ஆர்ஓ ஃபில்டர் சிங்குக்குக் கீழே பூட்டியிருக்கிறதா?

இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். டோர்ச் அடித்து, எந்த இடத்தில் வெள்ளை பிடித்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் கசிகிற பொருத்திலும் படியும். மெதுவாகக் கசிகிற தண்ணீர் சொட்டாகக் கீழே விழமுன் காற்றில் உலர்ந்துவிடும், சுண்ணாம்பு மட்டும் அந்த இடத்தில் நின்றுவிடும். கைக்கு ஈரம் படாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

நல்லூர் தம்பி சொன்ன டேப் சுவர் வால்வின் புரிக்குச் சரி. டப்புக்குப் போகிற ஹோஸில் தண்ணீரை மறிப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாசர்தான், புரி அல்ல. அங்கே டேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் நட் கடைசிவரை போகாது, வாசர் ஒழுங்காக அமர்ந்தும் கொள்ளாது. வாசர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றினால் சரி. வியர்வைக் கதையும் இங்கே பொருந்தாது. வெயிலில் நிற்கிற கறுப்புத் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரில் குழாய் எங்கே வியர்க்கும்?

கரவெட்டித் தம்பிக்கு: மழை பெய்தால் மட்டும் வருகிறதென்றால் அது கூரை. மழை இல்லாத நாளிலும் எண்ணெய்ப்பசையோடு பழுப்பாகச் சொட்டினால் அது குழாய்க்குள் குளிர்ந்து இறங்குகிற சமையல் ஆவி. அதற்கு எத்தனை தரம் சீமெந்து பூசினாலும் நிற்காது. எது என்று பிரித்தறிய, வெயில் நாளில் ஒருவர் கூரையில் ஏறிப் புகைபோக்கிக்குக் கீழ்ப்பக்க ஓட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி வாளியால் ஊற்ற வேண்டும், மற்றவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும்.

மானிப்பாய் அம்மா

எங்கள் வீட்டில் முதலில் கண்டது கறையான்தான், பிள்ளை. கப்போர்ட்டின் அடிப்பலகைக்குப் பின்னால் சுவரோடு மண் குழல் ஏறியிருந்தது. மருந்தடித்தோம், மூன்று மாதத்தில் திரும்ப வந்தது. பிறகு பலகையைக் கழற்றியபோது கீழே நிலம் ஈரமாக இருந்தது. ஈரத்தை நிறுத்தின பிறகுதான் அதன் வரவும் நின்றது. உங்கள் கப்போர்ட் நிலத்தில் முட்டியிருந்தால் அந்தப் பக்கமும் ஒருக்கால் பாருங்கள்.

கொக்குவில் வாசி

அண்ணா, ஆர்ஓ ஃபில்டர் இருக்கிறது, சிங்குக்குக் கீழேதான். நீங்கள் சொன்னபடி டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் வால்வு சுத்தம். டப் ஹோஸ் சுத்தம். ஃபில்டரிலிருந்து கழிவுக் குழாய்க்குப் போகிற மெல்லிய டியூபில், முழங்கை மாதிரி வளைகிற துண்டின் அடியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது. நுளம்புத் திரியின் சாம்பல் மாதிரி, தொட்டால் உதிர்கிறது. அதன் கீழே டியூபில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இறங்கி, தட்டின் பின்பக்கத்தில் முடிகிறது. தட்டு இடதுபக்கம் சற்றுச் சரிந்திருக்கிறது. மாபிளை வைத்தேன், உருண்டு மூலைக்கே போய் நின்றது. ஊதியதும் அதே மூலைதான்.

இரவில் ஏன் காய்ந்திருந்தது என்றும் விளங்கியது. ஃபில்டரின் சின்னத் தாங்கி நிரம்பியதும் அது தானாக நின்றுவிடுகிறது. நாங்கள் இரவில் தண்ணீர் எடுப்பதில்லை.

பைப்வேலை 22 வருடம்

அதுதான், தங்கச்சி. கழிவு டியூபில்தான் அவ்வளவு வெள்ளை பிடிக்கும். ஆர்ஓ ஃபில்டர் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக விடுகிறது. நல்ல தண்ணீரில் நிற்காத சுண்ணாம்பெல்லாம் அந்தக் கழிவில் சேர்ந்துவிடும். இதைத் திருப்பியும் யோசியுங்கள். நல்ல தண்ணீர் போகிற டியூப் கசிந்தால் வெள்ளையே பிடிக்காது. அங்கே பலகை ஊதுவதைத் தவிர வேறு அடையாளம் கிடைக்காது. அதனால் வெள்ளை இல்லாத பொருத்தெல்லாம் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம்.

இப்போது இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய சருவம் நிறைய ஃபில்டர் தண்ணீரை எடுங்கள். ஃபில்டர் ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு முழங்கைக்குக் கீழே ஒரு சின்னப் பாத்திரத்தை வையுங்கள். அந்த வெள்ளையை மட்டும் இன்றைக்குச் சுரண்டாதேங்கோ. சில வேளை அந்தச் சுண்ணாம்பே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். சுரண்டினால் இன்னும் அதிகமாக ஒழுகும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஹார்ட்வெயார் கடை பூட்டு.

கொக்குவில் வாசி

செய்து பார்த்தேன். 40 நிமிடத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஏறக்குறைய 15 மில்லிலீற்றர். எங்கள் வீட்டில் ஃபில்டர் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் அளவில் ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் நாளுக்கு அரைக் கிளாஸுக்கும் குறைவு. ஆனால் மாதத்துக்கு இரண்டு லீற்றர் அந்த ஒரு மூலைக்குப் போயிருக்கிறது. இத்தனை நாளும் நிலத்தில் ஒரு துளியை நாங்கள் காணவில்லை.

திங்கட்கிழமை முழங்கையைக் கழற்றினோம். டியூபின் நுனி நேராக இல்லை, சாய்வாக வெட்டியிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, டியூப் கழிவுக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் இருந்த துளை சுண்ணாம்பால் கிட்டத்தட்ட மூடிவிட்டது. ஊசி போகிற அளவுதான் மிச்சம். கழிவு வெளியே போக வழியில்லாமல் பின்னால் அமத்தி, சாய்வாக வெட்டிய நுனியால் கசிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சரியா அண்ணா?

பைப்வேலை 22 வருடம்

மிகச் சரி. கழிவு டியூபில் சாதாரணமாக அழுத்தம் அவ்வளவு இருக்காது. போகும் வழி அடைபட்டால்தான் ஏறும். நுனியில் ஒரு விரல் அகலம் வெட்டிவிடுங்கள், புதிய பிளேட்டால், நேராக. கத்தரிக்கோலால் வெட்டினால் டியூப் நசிந்து வட்டம் கெட்டுவிடும். பிறகு முழங்கைக்குள் தள்ளுங்கள். ஓரிடத்தில் முட்டும், அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகும். அந்த இரண்டாவது தள்ளலில்தான் டியூப் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்துக்குள் போய்த் தண்ணீரை மறிக்கும். இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. துளையில் இருக்கும் சுண்ணாம்புக்கு வினாகிரி ஊற்றி ஒரு இரவு விடுங்கள், காலையில் குச்சியால் குத்தினால் வந்துவிடும். அதே துளை திரும்பவும் அடைபடும். ஃபில்டர் கோர் மாற்றுகிற அன்றைக்கு அதையும் பார்த்துவிடுங்கள்.

நல்லூரான்

டேப் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி அண்ணா. ஹோஸில் சுற்றியதைப் போய்க் கழற்றிப் பார்த்தேன், வாசர் ஒரு பக்கமாக நசிந்துதான் இருந்தது. அக்கா, ஊதின தட்டை என்ன செய்யப்போகிறீர்கள்? நான் என்றால் விளிம்பு முழுக்க சிலிக்கோன் அடித்துவிடுவேன்.

கொக்குவில் வாசி

தட்டுக் காய்ந்தது, ஆனால் ஊதல் இறங்கவில்லை. சிப்போர்ட் ஒருமுறை ஊதினால் பழைய தடிப்புக்கு வராது என்று தச்சர் சொன்னார். அந்தத் தட்டை மட்டும் மாற்றுகிறோம். அதன்மேல் முன்பக்கம் சற்றுச் சரிந்த அலுமினியத் தட்டம் ஒன்று போடப் போகிறேன். இனி ஒரு கரண்டி தண்ணீர் வந்தாலும் பின்மூலைக்குப் போகாமல் கதவடியில் என் கண்ணில் படட்டும்.

சிலிக்கோனில்தான் இன்னும் முடிவில்லை. பின்சுவரோடு அடித்தால் தண்ணீர் பலகைக்குக் கீழே போகாது என்கிறார் தச்சர். அடைத்தால் சுவருக்குள்ளால் வரும் ஈரம் வெளியே தெரியாமல் நின்று ஊறும் என்கிறார் என் வீட்டுக்காரர். மானிப்பாய் அம்மா சொன்ன கறையானை நினைத்தால் எனக்கும் அடைக்கப் பயமாக இருக்கிறது. அடைத்து ஒரு மழைக்காலம் கண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மானிப்பாய் அம்மா

நாங்கள் அடைக்கவில்லை, பிள்ளை. கப்போர்ட்டை நான்கு அங்குலம் உயர்த்திக் கால் வைத்தோம், கீழ் மறைப்புப் பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்தோம். சனிக்கிழமை வீடு கூட்டும்போது அதைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்ப்பேன். போன மழைக்கு ஒன்றும் இல்லை.