காற்றடிக்காத பி.பி. வாட்சுக்குத் தமிழ்ச் சொல்?

செல்வி:
வணக்கம். கையில் பட்டை சுற்றிக் காற்றடிக்காமல் இரத்த அழுத்தம் காட்டும் ஸ்மார்ட்வாட்சுக்கு ‘பட்டையிலா அழுத்தமானி’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

இளங்கோ:
வாட்சிலும் பட்டை இருக்கிறதே! ‘காற்றுப்பட்டை’ என்றால் குழப்பம் தீரும். இல்லாவிட்டால் ‘மணிக்கட்டு அழுத்தமானி’ என்று சுருக்கிவிடலாம்.

நசீமா (மருத்துவர்):
மணிக்கட்டு வேண்டாம். ஹுவாவே வாட்ச் டி மணிக்கட்டில்தான் இருக்கிறது, ஆனால் வாருக்குள் காற்றுப்பை உண்டு. எனக்கு உறுத்துவது ‘மானி’தான். மேல்கைக் கருவி இரத்தக்குழாயை இறுக்கி, காற்றை இறக்கும்போது எழும் அதிர்வை வைத்து அழுத்தத்தைக் காண்கிறது. காற்றுப்பை இல்லாத வாட்ச் தோலில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பலையின் வடிவத்தை மட்டும் பார்க்கிறது. அதனால் சாம்சங் வாட்சுக்கு முதலில் மேல்கைக் கருவியில் மூன்று முறை பார்த்து எண்ணைச் சொல்லித்தர வேண்டும், 28 நாளுக்கொரு முறை மறுபடியும். அந்த எண்ணிலிருந்து ஏற்ற இறக்கத்தை ஊகிக்கிறது. ‘கணிப்பி’ என்பேன்.

பாஸ்கரன்:
வீட்டம்மாவுக்கு வாட்சில் 126, மேல்கைக் கருவியில் 148. எந்தக் கம்பெனி வாட்ச் வாங்கலாம்?

நசீமா:
ஐயா, வாட்சுக்கு எண் சொல்லித்தந்தது எப்போது?

பாஸ்கரன்:
மூன்று வாரம் முன்பு. அன்று 124. அப்புறம் மாத்திரை தீர்ந்துபோய் பத்து நாளாகச் சாப்பிடவில்லை.

நசீமா:
வாட்ச் பழைய 124-ஐ ஒட்டியே நிற்கிறது போலிருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, மேல்கைக் கருவியில் இன்னொரு முறை பாருங்கள். அந்த எண்ணோடு டாக்டரிடம் போங்கள். வேறு வாட்ச் வாங்கி இது தீராது.

இளங்கோ:
மூன்று முறை ஒப்பிடுகிறோமே, அதுவே சரிபார்ப்புதானே?

நசீமா:
அது உங்கள் கைக்கு வாட்சைப் பொருத்துவது, ‘அளவொப்பு’ எனலாம். ‘ஏற்புச்சோதனை’ வேறு. மேல்கைக் கருவிக்கான சர்வதேச முறையில் குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டெடுத்த அளவோடு ஒப்பிடுகிறார்கள். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள், சிதறல் 8-க்குள் இருக்க வேண்டும்.
அந்தச் சோதனையை வாட்சுக்கு அப்படியே வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். இப்போதுதான் எண் சொல்லித்தந்த, அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் அதே எண்ணைத் திருப்பிச் சொன்னாலே பாஸ்! அதனால்தான் ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023-இல் தூக்கம், உடற்பயிற்சி, மருந்து, கையின் உயரம் இவற்றால் அழுத்தம் மாறும்போதும் வாட்ச் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னது.

செல்வி:
அளவொப்பு, ஏற்புச்சோதனை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘காற்றுப்பட்டையிலா அழுத்தக் கணிப்பி’தான் வாய்க்குள் நுழையவில்லை.

இளங்கோ:
‘கணிப்பி’ என்றதும் கணிப்பான், கால்குலேட்டர் நினைவுதான் வருகிறது. என் ஓட்டு இன்னும் ‘மானி’க்கே.

பாஸ்கரன்:
மறுபடி பார்த்தேன், 150. நாளைக் காலையில் டாக்டரிடம் போகிறோம்.