ஐந்தாவது வாரமே டெஸ்ட் எடுத்து மனம் உடைந்தேன்: பார்டர் சுகர் உள்ளவர்கள் எப்போது மறுபடி பார்த்தீர்கள்?

கோமதி, தென்காசி

ஜனவரி கடைசியில் எனக்கு பார்டர் சுகர் என்று சொன்னார்கள். வெறும் வயிற்றில் 112. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 174. மூன்று மாத சுகர் என்கிறார்களே, அந்த ஹெச்பிஏ1சி 6.2. எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர்.

அன்றிலிருந்து காபியில் சர்க்கரை இல்லை. இரவு நான்கு தோசை இரண்டானது, கூட ஒரு கிண்ணம் சுண்டல். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வருகிறேன், முப்பத்தைந்து நிமிடம் ஆகும்.

ஐந்தாவது வாரம் பொறுக்க முடியாமல் லேபுக்குப் போனேன். 6.1 என்று வந்தது. அந்தத் தாளோடு லேப் வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். பதின்மூன்றாவது வாரம் மறுபடி எடுத்தபோது 5.7. எடை 64.5, இடுப்பு 87. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் அம்மா மட்டும் பழைய ஃபைலைப் புரட்டினார். "வெறும் வயிற்று சுகர் 106-க்குத்தான் வந்திருக்கு, இது மட்டும் எப்படி இவ்வளவு இறங்குச்சு?" என்றார். ஜனவரியில் என் ஹீமோகுளோபின் 9.4. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதால் பிப்ரவரியிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். இப்போது 12.1. இறங்கியதில் ஒரு பங்கு அந்த மாத்திரையால் இருக்கலாம் என்றார். அப்படியானால் என் நடையால் இறங்கியது எவ்வளவு? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

முருகேசன், மதுரை

அம்மா, மூன்று மாதம் முடியாமல் பார்க்கவே கூடாது. நானும் அப்படித்தான் காத்திருந்தேன், 6.0 இருந்தது 5.6 ஆனது. 5.7-க்குக் கீழே வந்துவிட்டால் நார்மல், அதோடு கணக்கு முடிந்தது. ஒன்றரை வருடமாக நான் டெஸ்டே எடுக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. அந்த 5.6 வந்த வாரமே, திருப்திக்காக குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்டும் எடுத்தேன். இரண்டு மணி நேர அளவு 188! அப்போது நான் சோறு, இட்லி எல்லாவற்றையும் விட்டு முட்டையும் காய்கறியுமாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லேபில் ஏதோ தப்பு என்று விட்டுவிட்டேன்.

சேகர் (லேபில் 19 வருடம்)

முருகேசன் சார், லேபில் தப்பு நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்துச் சாப்பிடுகிற உடம்புக்கு, திடீரென்று 75 கிராம் குளுக்கோஸைச் சமாளிக்கிற பழக்கம் விட்டுப்போயிருக்கும். இன்சுலின் தாமதமாக வரும், அளவு ஏறிக் காட்டும். அதனால்தான் அந்த டெஸ்டுக்கு முன் மூன்று நாள் சோறு, இட்லி எல்லாம் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறோம். இதைக் கேட்காமலே வந்து கையை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் 188 அந்தச் சாப்பாட்டால் வந்ததா, உண்மையிலேயே இருக்கிறதா என்பது மறுபடி எடுத்தால்தான் தெரியும். ஒன்றரை வருடம் அதிகம் சார். ஒரு தடவை பார்டருக்குப் போய் வந்தவர் நார்மல் ஆனாலும் வருடம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கோமதி அம்மா, சிவப்பணு சுமார் நான்கு மாதம் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கிற சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. அதனால் ஐந்தாவது வாரத்தில் உங்கள் பழைய சாப்பாட்டின் கணக்கும் சேர்ந்தேதான் வந்திருக்கும். போதாததற்கு, ஒரே ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினாலே 0.1, 0.2 முன்னே பின்னே வரும். 6.1-ஐப் பார்த்து அழுதிருக்க வேண்டாம். 6.0 வந்திருந்தாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்து 0.3-க்கு மேல் இறங்கினால் கவனிப்பேன், 0.5 என்றால் நம்புவேன்.

ஆனால் உங்கள் 0.5-ஐ அப்படி நம்ப முடியவில்லை. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் இந்த அளவு கொஞ்சம் ஏறித்தான் காட்டும். மாத்திரை எடுத்ததும் புது அணுக்கள் நிறைய வரும். அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நாள் ஆகவில்லை, அதனால் சராசரி இறங்கும். எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஹீமோகுளோபின் நிலைத்து மூன்று மாதமாவது ஆகட்டும், அப்புறம் எடுக்கிற ஹெச்பிஏ1சியை உங்கள் புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, ஜனவரியில் குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களே, அதையே மறுபடி எடுத்து ஒப்பிடலாம். அதை ரத்தசோகை அவ்வளவாகக் குழப்பாது.

பாத்திமா, நாகூர்

என் அம்மாவுக்கு எட்டு வருடமாக சுகர், மாத்திரை எடுக்கிறார். 7.4 இருந்தது 7.1 ஆகியிருக்கிறது. இதுவும் முன்னேற்றம்தானே? மாதம் ஒரு தடவை ஹெச்பிஏ1சி எடுக்கலாமா?

சேகர்

அம்மாவுடையது வேறு கணக்கு, பாத்திமா. அவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வயது, மாத்திரை எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். மாதாமாதம் எடுப்பது மட்டும் வேண்டாம், காசுதான் போகும்.

இளங்கோ, காரைக்குடி

எனக்கு வேறு பிரச்சினை. நான் ஒல்லி, 58 கிலோ. ஏழு மாதமாகத் தினமும் நடக்கிறேன், எடை 57.5. எடை குறையாமல் சுகர் குறையாது என்று நண்பர் சொல்கிறார். வீட்டு மீட்டரில் காலையில் ஒரு நாள் 98, மறுநாள் 111 என்று ஆடுகிறது. எதை நம்புவது?

வசந்தி, கோவை (உணவு ஆலோசகர்)

இளங்கோ தம்பி, மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே வரலாம் என்று தரநிலையிலேயே அனுமதி உண்டு. அதனால் 98-க்கும் 111-க்கும் நடுவில் நிஜமான வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். இதற்கு மேல் தூக்கம் கெட்டாலும், சளி பிடித்திருந்தாலும் காலை அளவு ஏறும். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க மீட்டர் நல்லது. முன்னேறியிருக்கிறோமா என்று தீர்ப்புச் சொல்ல லேப்தான்.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் உங்கள் எல்லோரையும்போல பார்டர் நிலைதான். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேர்தான். மாற்றியவர்களின் எடை சொல்லும்படி குறையவே இல்லை! அமெரிக்காவில் 7 சதவீத எடைக் குறைப்பை இலக்காக வைத்தார்கள். கோமதி அக்கா மாதிரி எடை கூடியவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்கு இடுப்பளவையும் லேப் அளவையும் பார்த்தால் போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

கோமதி, தென்காசி

சேகர் சார் சொன்ன மாதிரியே செய்தேன். மூன்று நாள் வழக்கமான சாப்பாடு, பத்து மணி நேரம் பட்டினி, அதே லேப். ஜூன் இரண்டாவது வாரம் எடுத்தது: வெறும் வயிற்றில் 103, இரண்டு மணி நேரத்தில் 146. டாக்டர் அம்மா முதலில் பார்த்தது 174 எங்கே போனது என்பதைத்தான். "இன்னும் பார்டர்தான், 140-க்குக் கீழ வரலை. ஆனா இது மாத்திரை செஞ்ச வேலை இல்லை" என்றார். இரும்பு மாத்திரையை இன்னும் இரண்டு மாதம் தொடரச் சொன்னார். நவம்பரில் ஹெச்பிஏ1சி எடுக்க வேண்டும்.

காலை சுகர் மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று கேட்டேன். கல்லீரல் இரவில் விடுகிற சர்க்கரை என்றார். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் முடித்து யாருக்காவது காலை அளவு குறைந்திருக்கிறதா?

முருகேசன், மதுரை

ஏழரைக்குச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சனிக்கிழமை டெஸ்டுக்குப் போகிறேன். இன்று காலை நான்கு இட்லி சாப்பிட்டாயிற்று.