30 நொடி விளம்பரம் 36 நொடி ஓடுகிறது, எதை வெட்டுவது?
எங்கள் தெரு இனிப்புக் கடைக்குப் பண்டிகை வானொலி விளம்பரம் எழுதுகிறேன். நாளை மறுநாள் ஒலிப்பதிவு. 30 நொடியைத் தாண்டினால் நிலையத்தில் வாங்கமாட்டார்கள்.

முதலில் இசையோடு 41 நொடி வந்தது. வேகமாக வாசித்துப் பார்த்தேன், ஏலம் விடுவது போல இருந்தது. தொடக்க இசையை 5 நொடியிலிருந்து 2 ஆக்கினேன். 'சுவையான, தரமான' எல்லாம் எடுத்ததில் இன்னும் 2 நொடி குறைந்தது. இப்போது 36.

மிச்சம் இருப்பவை: டப்பா மூடி திறக்கும் சத்தம், "அம்மா, காலி!" என்று குழந்தை கத்துவது, அம்மாவின் பதில் (6 நொடி), கடைப் பெயர் இரண்டு முறை, கடை இருக்கும் இடத்துக்கு அடையாளம், ஆர்டர் கடைசித் தேதி, பத்து இலக்கத் தொலைபேசி எண் (அதுவும் 6 நொடி). வண்டியில் போகிறவர் எண்ணை எங்கே எழுதப் போகிறார்? ஆனால் கடைக்காரர் விடமாட்டேன் என்கிறார்.

வானொலிக்கு எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எண்ணை எடுப்பதா, உரையாடலை எடுப்பதா?