ஹெச்ஆர் குடுத்த இன்சூரன்ஸ் பிபிடிக்கு ஒரு சொல் பட்டியல் போடறேன், சரிபார்த்துச் சொல்லுங்க

டாலஸ் புதுவரவு:
டாலஸ் வந்து மூணு வாரம் ஆச்சு. ஆபீஸ்ல 40 ஸ்லைடு பிபிடி ஒண்ணைக் குடுத்து, மாசக் கடைசிக்குள்ள மெடிக்கல் பிளான் எடுக்கச் சொல்லிட்டாங்க. வீட்டுல அவளும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். என்கூடச் சேர்ந்த ரெண்டு பசங்களும் முழிக்கிறாங்க. அதனால வார்த்தைகளைப் பொறுக்கி எளிய தமிழ்ல எழுதறேன். இதுவரைக்கும்:

பிரீமியம்: மாசச் சந்தா.
டிடக்டபிள்: சம்பளத்துல பிடிக்கிற தொகை.
கோஇன்சூரன்ஸ்: டிடக்டபிளுக்கு அப்புறம் கட்டற கோபே.
அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம்: இன்சூரன்ஸ் அதிகபட்சமா குடுக்கிற தொகை. எங்களுக்கு 4,000 டாலர். இவ்வளவு கம்மியாவா குடுப்பாங்க?

நியூஜெர்சி அக்கா:
தம்பி, கடைசி வரியை உடனே மாத்துங்க. ஊர்ல பாலிசி எடுத்தா 5 லட்சம்னு போட்டிருப்பாங்க, அது கம்பெனியோட எல்லை. இங்க அந்த 4,000 உங்களோட எல்லை. ஒரு வருஷத்துல நெட்வொர்க்குக்குள்ள, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்ட டாக்டர், ஆஸ்பத்திரிகிட்ட, பிளான்ல அடங்கின சிகிச்சைக்கு நீங்க கட்டற பணம் 4,000-ஐத் தொட்டுட்டா, மிச்சம் முழுக்க அவங்க பொறுப்பு. ஊர்ப் பழக்கத்துல படிச்சா இது அப்படியே தலைகீழா ஆயிடும்.

டிடக்டபிளும் தப்பு. சம்பளத்துல பிடிக்கிறது பிரீமியம்தான். "பிடித்தம்"னு மொழிபெயர்க்கப் போய்த்தான் இந்தக் குழப்பம். வைத்தியமே பார்க்கலைன்னா டிடக்டபிள்ல ஒரு பைசா போகாது. கோஇன்சூரன்ஸும் கோபே இல்ல. கோபேன்னா ஒவ்வொரு தடவையும் கட்டற நிலையான தொகை, கோஇன்சூரன்ஸ்னா செலவுல உங்க பங்கா ஒரு சதவீதம்.

நான் பெனிபிட்ஸ் டீம்ல இருக்கேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க: யார் கட்டறது, எப்போ கட்டறது, யாருக்குப் போகுது. அந்த மூணுக்கும் பதில் வரலைன்னா உங்களுக்கே இன்னும் புரியலைன்னு அர்த்தம். அகர வரிசையும் வேண்டாம். டிடக்டபிள் தெரியாம கோஇன்சூரன்ஸ் புரியாது, அதனால பணம் போற வரிசையிலேயே எழுதுங்க.

ஹூஸ்டன்காரன்:
சிம்பிளா சொல்றேன். டாக்டர்கிட்ட போனா 30 டாலர் கோபே கட்டுவீங்க. அது கூடிக்கூடி டிடக்டபிள் அடைஞ்சிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

நியூஜெர்சி அக்கா:
உங்க பிளான்ல அப்படி எழுதியிருக்கலாம். பெரும்பாலான பிளான்ல கோபே டிடக்டபிள்ல சேராது, ஆனா அந்த 4,000 கணக்குல சேரும். பிபிடி இதையெல்லாம் சொல்லாது, அது விளம்பரம் மாதிரிதான். ஹெச்ஆர்கிட்ட எஸ்பிசின்னு கேளுங்க, சம்மரி ஆஃப் பெனிபிட்ஸ். அதைக் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அதோட ஒரு பொதுச் சொல்லகராதியும் உண்டு. பிபிடிக்கும் அதுக்கும் ஒத்து வரலைன்னா எஸ்பிசியை நம்புங்க.

பே ஏரியா மாமா:
என் அம்மா அப்பா ஆறு மாச விசிட்டர் விசாவுல வராங்க. அவங்களை எந்த பிளான்ல சேர்க்கலாம்?

நியூஜெர்சி அக்கா:
ஆபீஸ் பிளான்ல சாதாரணமா மனைவி, பிள்ளைங்களைத்தான் சேர்க்க விடுவாங்க மாமா. அவங்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும். இது வேற கேள்வி, தனி இழை போடுங்க.

டாலஸ் புதுவரவு:
அக்கா, எங்க பிளான்ல டிடக்டபிள் 1,500, கோஇன்சூரன்ஸ் 20 சதவீதம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன், அப்படியே பட்டியல்ல ஒட்டிக்கறேன்.

நியூஜெர்சி அக்கா:
மார்ச் மாசம் சர்ஜரின்னு வைங்க. ஆஸ்பத்திரி 20,000னு பில் போடும். நெட்வொர்க்குல இருந்தா, இன்சூரன்ஸோட பேசி வெச்ச விலை 11,500தான். இதுக்கு அலவ்ட் அமவுன்ட்னு பேர், உங்க பட்டியல்ல இந்த வார்த்தையையே காணோம். கணக்கு இதுல இருந்துதான் தொடங்கும். முதல் 1,500 உங்களது. மிச்சம் 10,000-ல 20 சதவீதம், 2,000. மொத்தம் 3,500.

ஆகஸ்ட்ல 5,000க்கு இன்னொண்ணு. டிடக்டபிள் ஏற்கனவே முடிஞ்சுது. 20 சதவீதம் 1,000. ஆனா 4,000 தொட 500தான் பாக்கி, அதனால 500 கட்டினா போதும். பிரீமியம் இந்தக் கணக்குல வரவே வராது. உங்க பிளான் வருஷம் ஜனவரியில தொடங்குதுன்னா, ஜனவரி 1-ல எல்லாம் திரும்பப் பூஜ்யம்.

டாலஸ் புதுவரவு:
திருத்தி எழுதினேன். "டிடக்டபிள்: வருஷத்துல வைத்தியச் செலவுல முதல்ல நாம ஆஸ்பத்திரிக்குக் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. அதுக்கப்புறம்தான் இன்சூரன்ஸ் பங்கு போடும்." அவகிட்டப் படிச்சுக் காட்டினேன். "அப்போ வருஷாந்திரச் செக்கப்புக்கும் முதல்ல நாமதான் கட்டணுமா?"ன்னு கேட்டா. நான் முழிச்சேன்.

நியூஜெர்சி அக்கா:
நல்ல கேள்வி கேட்டிருக்காங்க. தடுப்பூசி, வருஷாந்திரச் செக்கப் மாதிரி பிரிவென்டிவ் கேர் நெட்வொர்க்குக்குள்ள பார்த்தா பணமே கிடையாது. அதை விதிவிலக்குன்னு ஒரு வரி சேருங்க. ஆனா செக்கப்ல உட்கார்ந்து முட்டிவலியையும் சொன்னீங்கன்னா, அதுக்குத் தனியா பில் வரலாம்.

டாலஸ் புதுவரவு:
சேர்த்தாச்சு. 17-ஆவது ஸ்லைடுல குடும்ப டிடக்டபிள் 3,000னு இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் வைத்தியம் ஆனா 1,500 தாண்டினதும் இன்சூரன்ஸ் வருமா, இல்ல 3,000 முடியணுமா?

ஹூஸ்டன்காரன்:
1,500தான். சந்தேகமே வேண்டாம்.

நியூஜெர்சி அக்கா:
அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு மாதிரியும் பிளான் உண்டு. அந்த வரியை மட்டும் காலியா விட்டு, ஹெச்ஆர் கிட்ட மெயில்ல கேளுங்க. எழுத்துல பதில் வந்ததும் போடுங்க.